தட்டம்மையும் 95 விழுக்காடும்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தட்டம்மை பற்றிய செய்தி வந்தாலே கோலாலம்பூரில் நம் பெற்றோர்களின் புலனக் குழுக்களில் கேள்விகள் குவிந்துவிடுகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல கேள்விகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குதான். அது புரிந்தால் மற்றவை தானாகவே விளங்கும் என்பதால் கணக்கை முதலில் வைத்திருக்கிறேன்.

தட்டம்மைக்கு 'ஆர் நாட்' 12லிருந்து 18 என்று படித்தேன். அப்படியென்றால் என்ன?

ஒரு ஊரில் யாருக்குமே தட்டம்மை வந்ததில்லை, யாரும் ஊசியும் போட்டதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நோயுள்ள ஒருவர் வந்து சேர்கிறார். நோய் தீரும்வரை அவர் சராசரியாக எத்தனை பேருக்கு நேரடியாகப் பரப்புவார்? அந்த எண்தான் ஆர் நாட். தமிழில் அடிப்படைப் பரவல் எண் என்று சொல்லலாம். சூத்திரத்தில் `R0` என்று எழுதுவார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் தட்டம்மைக்கு இது 12லிருந்து 18 வரை வருகிறது. 2020இல் முதலில் வந்த கோவிட் கிருமிக்கு 2லிருந்து 3 வரைதான் இருந்தது.

இது கிருமியின் குணத்தை மட்டும் காட்டும் எண் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் எத்தனை பேரோடு பழகுகிறார், ஒரு சந்திப்பில் தொற்றுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, எத்தனை நாள் அவரால் பரப்ப முடிகிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே அது உருவாகிறது. நெரிசலான அடுக்குமாடிக் குடியிருப்பில் கூடும். தள்ளித் தள்ளி வீடுகள் உள்ள இடத்தில் குறையும். அதனால்தான் ஒரே எண்ணாக இல்லாமல் 12லிருந்து 18 என்று சொல்கிறார்கள். இனி வரும் கணக்குகளுக்கு நடுவில் உள்ள 15ஐ எடுத்துக்கொள்கிறேன்.

சளிக் காய்ச்சலும்தான் காற்றில் பரவுகிறது. தட்டம்மைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய எண்?

செந்தூலில் ஒரு பிளாட். அங்கே ஐந்து வயதுப் பையன் ஒருவன் பக்கத்துத் தாடிகாவுக்குப் போகிறான் என்று கற்பனை செய்துகொள்வோம். பத்து நாளுக்கு முன் உறவினர் கல்யாணத்தில் யாரிடமிருந்தோ கிருமி ஒட்டிக்கொண்டது. இந்தப் பத்து நாளும் அவன் நன்றாகத்தான் இருந்தான், யாருக்கும் பரப்பவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் லேசான காய்ச்சல், மூக்கு ஒழுகுகிறது. அம்மா காய்ச்சல் மருந்து கொடுத்து வேனில் ஏற்றி அனுப்புகிறார். செவ்வாயன்று இருமல். புதனன்று கண் சிவந்திருக்கிறது. தாடிகாவில் பாதிப் பிள்ளைகளுக்கு எப்போதும் சளிதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வியாழன் ராத்திரி காய்ச்சல் ஏறுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் காதுக்குப் பின்னாலும் நெற்றியின் மேல் ஓரத்திலும் சிவப்புத் தடிப்புகள் தெரிகின்றன. பிறகு முகத்திலிருந்து கீழே இறங்குகின்றன. அன்றைக்குத்தான் கிளினிக்கில் "தட்டம்மையாக இருக்கலாம்" என்கிறார்கள்.

தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே பரவல் தொடங்கிவிடும். தோன்றிய பிறகும் நான்கு நாள் தொடரும். அதாவது திங்கட்கிழமையே அவன் பரப்பத் தொடங்கிவிட்டான். நோய் என்னவென்று தெரியவருவதற்குள் நான்கு நாள் வேனிலும், ஏர்கோன் போட்டு ஜன்னலைச் சாத்திய வகுப்பிலும், பிளாட் லிப்டிலும் இருந்திருக்கிறான்.

இன்னொரு காரணம், அவன் இருமும் நேரத்தில் எதிரில் ஆள் இருக்க வேண்டும் என்பதே இல்லை. அவன் போன பிறகும் மூடிய அறைக்குள் கிருமி இரண்டு மணி நேரம்வரை இருக்கக்கூடும். காலை வகுப்பு முடிந்து அதே அறையில் அடுத்த வகுப்பு தொடங்கினால், அவனைப் பார்த்தே இராத பிள்ளைக்கும் தொற்றலாம். பாதுகாப்பு இல்லாமல் நெருங்கிப் பழகுபவர்களில் பத்தில் ஒன்பது பேர்வரை நோய் வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, 95 விழுக்காடு பேருக்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அந்தப் பையனால் 15 பேருக்குக் கொடுக்க முடியும் என்றால், 15 பேரும் பாதுகாப்பு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் 14 பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருந்தால்? மிஞ்சுவது ஒருவர். அவரும் இன்னொருவருக்குத்தான் கொடுப்பார். நோய் பெருகாது, அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அளவைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் குறைந்து தொடர் அறுந்துவிடும். இதைத்தான் மந்தை எதிர்ப்பாற்றல் என்கிறோம்.

15இல் 14 என்றால் 93.3 விழுக்காடு. பொதுவாக எழுதினால்:

```
தேவையான எதிர்ப்பாற்றல் = 1 − 1/R0
```

`R0` 12 என்றால் 91.7 விழுக்காடு, 18 என்றால் 94.4 விழுக்காடு. இதற்கு மேலே பத்திரமாக நிற்கும் எண் என்பதால் 95ஐ இலக்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: சூத்திரம் கேட்பது ஊசி போட்டவர்களின் விழுக்காட்டை அல்ல, உண்மையிலேயே எதிர்ப்பாற்றல் உள்ளவர்களின் விழுக்காட்டை. இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது ஊசி பற்றிய கேள்வியில் இதற்கே திரும்பி வருகிறேன்.

90க்கும் 95க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? அஞ்சு விழுக்காடுதானே?

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குத் தொற்றி, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஏறக்குறைய 12 நாள் ஆகும். அதை ஒரு சுற்று என்போம்.

யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாவிட்டால் ஒருவர் 15 ஆவார், 15 பேர் 225 ஆவார்கள், மூன்றாம் சுற்றில் 3,375. இதற்கு ஆகும் காலம் ஐந்து வாரம்.

பத்தில் எட்டுப் பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், 15 பேரில் 3 பேருக்குத்தான் தொற்றும். 1, 3, 9, 27 என்று போகும். 80 விழுக்காடு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுற்றுக்குச் சுற்று மூன்று மடங்கு பெருகும் நோயை அதனால் நிறுத்த முடியாது.

90 விழுக்காட்டில் ஒருவர் சராசரியாக 1.5 பேருக்குக் கொடுப்பார். முதல் சில சுற்றில் இது கண்ணுக்கே தெரியாது: ஒன்று, இரண்டு, மறுபடி இரண்டு. "அங்கொன்றும் இங்கொன்றும்தானே" என்று தோன்றும். ஆனால் நான்கு மாதம் கழித்து, பத்தாவது சுற்றில் மட்டும் ஏறக்குறைய 58 பேர் புதிதாக நோயில் விழுந்திருப்பார்கள்.

95 விழுக்காட்டில் அந்த எண் 0.75. அடுத்த சுற்றில் 0.56, அதற்கடுத்து 0.42. எல்லாவற்றையும் கடைசிவரை கூட்டினால் 3தான் வரும். அதாவது வெளியிலிருந்து வந்த ஒரு நோயாளியால் சராசரியாக மூன்று பேருக்கு வந்து, அதோடு நின்றுவிடும். ஒன்றுகூட வராது என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சம் வரும், ஆனால் அணைந்துவிடும். வித்தியாசம் அஞ்சு விழுக்காடு அல்ல. 1.5 ஒன்றுக்கு மேலே இருக்கிறது, 0.75 ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. பெருகுவதும் அழிவதும் அந்த ஒன்றைப் பொறுத்தது.

பாதுகாப்பு உள்ளவர்களைப் பார்க்காமல் இல்லாதவர்களைப் பார்த்தால் இன்னும் எளிதாக விளங்கும். 95லிருந்து 90க்கு இறங்கினால் பாதுகாப்பு இல்லாதவர்கள் 5லிருந்து 10 ஆகிறார்கள். கிருமியின் கண்ணுக்குத் தெரியும் ஆட்கள் இரண்டு மடங்கு.

எங்கள் பிள்ளைக்கு 9 மாதத்தில் ஒரு ஊசி போட்டாச்சு. இரண்டாவது எதற்கு?

மலேசியாவில் 2016லிருந்து எம்எம்ஆர் தடுப்பூசி 9 மாதத்தில் ஒன்று, 12 மாதத்தில் ஒன்று என்று போடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் 9 மாதத்தில் சில குழந்தைகளின் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கும். அவை ஊசியில் உள்ள வலுவிழந்த கிருமியையே அழித்துவிடுவதால், அந்தக் குழந்தைகளுக்கு ஊசி பிடிக்காமல் போகிறது. அந்த வயதில் போடும் ஊசி நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் வேலை செய்யும். அதற்காகத் தள்ளிப் போடவும் முடியாது; தாயின் பாதுகாப்பு குறைந்துவரும் காலத்தில் நோய் வந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

ஒரு வயதுக்கு மேல் போட்டால் ஒரே ஊசி நூற்றில் 93 பேருக்குப் பலன் தரும். நாட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஒரு ஊசி போட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாற்றல் 93 விழுக்காடு. மிச்சம் 7 விழுக்காடு. 15 பெருக்கல் 0.07 என்றால் 1.05. நூற்றுக்கு நூறு போட்டும் ஒன்றுக்குக் கீழே வரவில்லை. ஆகவே `R0` 15 உள்ள இடத்தில் ஒரே ஊசியால் தட்டம்மையை நிறுத்தவே முடியாது; எவ்வளவு முயன்றாலும் கணக்கு இடம்கொடுக்காது.

இரண்டு ஊசிக்குப் பிறகு 97 விழுக்காடு. இரண்டாவது ஊசி முதலாவதன் பலத்தைக் கூட்டப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முக்கிய வேலை, முதல் ஊசி பிடிக்காத குழந்தைகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது. யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று வெளியே தெரியாது என்பதால் எல்லோருக்கும் போடுகிறார்கள்.

இப்போது 95க்குத் திரும்புவோம். 95 விழுக்காடு பிள்ளைகள் இரண்டு ஊசியும் போட்டிருந்தால் உண்மையான எதிர்ப்பாற்றல் 95இல் 97 விழுக்காடு, அதாவது 92 விழுக்காடு. `R0` 12 உள்ள இடத்தில் இது போதும். 15 உள்ள இடத்தில் சற்றுக் குறைவு. ஆகவே 95 என்பது நிம்மதியாக உட்காரும் இடம் அல்ல. அதற்குக் கீழே ஓரிரு விழுக்காடு இறங்கினாலே நோய் திரும்ப வழி கிடைத்துவிடுகிறது. குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து 12 மாதக் கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் என்று தள்ளிப்போட்டு அப்படியே விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஊசிதான்.

எங்கள் வட்டாரத்தில் 95 தாண்டியாச்சு என்றார்கள். அப்புறமும் ஏன் நோய் கிளம்புகிறது?

95 என்பது சராசரி. கிருமி சராசரியைச் சந்திப்பதில்லை. அது சந்திப்பது ஒரு வகுப்பறையை, ஒரு வேனை, ஒரு குடும்பத்தை.

ஒரு வட்டாரத்தில் பத்துத் தாடிகா, ஒவ்வொன்றிலும் நூறு பிள்ளைகள். மொத்தம் ஆயிரம் பேரில் 950 பேருக்கு எதிர்ப்பாற்றல் உண்டு, 50 பேருக்கு இல்லை. அந்த 50 பேரும் தாடிகாவுக்கு ஐந்து பேராகப் பரவி இருந்தால், செந்தூல் பையன் எந்தத் தாடிகாவுக்குப் போனாலும் எண் 0.75தான். நோய் சீக்கிரம் அணைந்துவிடும்.

இப்போது அதே 50 பேரை வேறு மாதிரி வைத்துப் பாருங்கள். ஒன்பது தாடிகாவில் ஒவ்வொருவர், பத்தாவது தாடிகாவில் 41 பேர். இது அபூர்வம் அல்ல. ஊசி வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களாக இருப்பார்கள், ஒரே இடத்தில் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். இல்லையென்றால் பிறப்புப் பத்திரம் போன்ற ஆவணச் சிக்கலால் கிளினிக்குக்கே போகாத குடும்பங்கள் ஒரே குடியிருப்பில் இருக்கும். வட்டார அறிக்கையில் இப்போதும் 95 விழுக்காடுதான். ஆனால் அந்தப் பத்தாவது தாடிகாவுக்குள் 15 பெருக்கல் 0.41 என்றால் 6.15. ஒரே சுற்றில் ஆறு பிள்ளைகள், அடுத்த சுற்றில் மிச்சம் உள்ளவர்களில் பெரும்பாலோர். தொற்றுவதற்கு ஆள் தீர்ந்த பிறகுதான் நிற்கும். அதற்குள் அவர்களின் வீடுகளில் உள்ள கைக்குழந்தைகளுக்கும் போயிருக்கும்.

இதை மலேசியா நேரிலேயே பார்த்திருக்கிறது. 2019இல் கிளந்தான், குவா மூசாங் மாவட்டத்தில் கோலா கோ கிராமத்தில் வாழும் படேக் ஓராங் அஸ்லி மக்களிடையே அடுத்தடுத்துச் சாவுகள் நிகழ்ந்தன. முதலில் காரணம் தெரியவில்லை. அந்த ஜூன் மாதம் சுகாதார அமைச்சு அங்கே பரவியிருப்பது தட்டம்மை என்று உறுதிசெய்தது. இடம்விட்டு இடம் நகர்ந்து காட்டில் வாழும் அந்த மக்களுக்கு ஊசி முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நாட்டின் சராசரி எவ்வளவு உயரமாக இருந்தும் அவர்களுக்கு உதவவில்லை.

ஆகவே உங்கள் தாடிகாவில் கேட்க வேண்டியது மாநில விழுக்காட்டை அல்ல; "நம் வகுப்பில் எத்தனை பேர் இரண்டு ஊசியும் போட்டிருக்கிறார்கள்?" என்பதை.

ஊசி போட்ட பிள்ளைக்கும்தான் வந்தது. அப்புறம் போட்டு என்ன பயன்?

நூறு பிள்ளைகளில் 90 பேர் இரண்டு ஊசியும் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். 90 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு ஊசி பிடித்திருக்காது. நோய் எல்லோரையும் எட்டினால் போடாத பத்துப் பேருக்கும், போட்டும் பிடிக்காத மூன்று பேருக்கும் வரும். "13 நோயாளிகளில் 3 பேர் ஊசி போட்டவர்கள்" என்று செய்தி வரும். செய்தி உண்மைதான். ஆனால் போட்டவர்களில் 90க்கு 3, போடாதவர்களில் 10க்கு 10 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மை போட்டால் வேப்பிலை வைத்து வீட்டோடு இருத்திவிடுவோம். அது போதாதா?

வெளியே அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்பது நல்ல வழக்கம், தடிப்பு தோன்றி நான்கு நாள்வரை கண்டிப்பாகச் செய்ய வேண்டியதும்கூட. ஆனால் நம் வீடுகளில் ஒதுக்கி வைப்பது தடிப்பைப் பார்த்த பிறகுதான். திங்களிலிருந்து வியாழன்வரை போன நான்கு நாளை யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

வேப்பிலை வைப்பதோடு மருத்துவரிடமும் காட்டுங்கள். நிமோனியா, காதுச் சீழ், மூளைக்காய்ச்சல் எல்லாம் தட்டம்மையின் பின்னால் வரக்கூடியவை. வேகமாக மூச்சு வாங்குவது, குடிக்க மறுப்பது, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

எல்லோருக்கும் ஒரு தடவை இயற்கையாக வந்து போகட்டுமே. அதுவும் மந்தை எதிர்ப்பாற்றல்தானே?

நோய் வந்து பிழைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றல் இருக்கும், அது உண்மை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். பசிபிக் கடலில் உள்ள சமோவாவின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு லட்சம். 2018இல் அங்கே எம்எம்ஆர் ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். ஊசி மருந்தைக் கலக்கும்போது நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவறாகக் கலந்ததுதான் காரணம். ஊசித் திட்டம் சில மாதம் நிறுத்தப்பட்டது, மக்களின் நம்பிக்கை போய்விட்டது, ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சரிந்தது. 2019 கடைசியில் தட்டம்மை நுழைந்தது. 5,700க்கும் மேற்பட்டோருக்கு நோய், 83 சாவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இன்னொன்றும் உண்டு. இயற்கையாகப் பரவும் நோய் 93 விழுக்காட்டைத் தொட்டதும் நின்றுவிடாது. அந்த நேரத்தில் நோயோடு இருப்பவர்கள் இன்னும் பரப்பிக்கொண்டே இருப்பார்கள். `R0` 15 உள்ள நோய் தடையில்லாமல் ஓடினால் ஏறக்குறைய ஒருவரையும் விடாது. அதோடு, தட்டம்மை முன்பு மற்ற நோய்களால் உடம்பு சேர்த்துவைத்த எதிர்ப்பு நினைவையும் பெருமளவு அழித்துவிடுகிறது என்று 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

என் பாப்பாவுக்கு 6 மாதம்தான். அண்ணன் மகனுக்குத் தட்டம்மை என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருந்தோம். என்ன செய்வது?

இன்றைக்கே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நேரே போய்க் காத்திருப்பு அறையில் உட்கார வேண்டாம். பாப்பாவுக்குத் தொற்றியிருந்தால் அந்த அறையிலும் கைக்குழந்தைகள் இருப்பார்கள். "தட்டம்மை நோயாளியோடு இருந்தோம்" என்று முதலிலேயே சொன்னால் தனியாக வரச்சொல்வார்கள்.

நாள் கணக்கு இங்கே மிக முக்கியம். நோயாளியோடு இருந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் என்றால், 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு எம்எம்ஆர் ஊசியை முன்கூட்டியே போட முடியும். நோய் வராமல் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ அது உதவும். அந்த நேரம் தாண்டியிருந்தாலும் ஆறு நாளுக்குள் என்றால் எதிர்ப்பொருள் ஊசி கொடுக்க வழி உண்டு. எது பொருத்தம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அங்கே இருந்தீர்கள், அண்ணன் மகனுக்கு எந்த நாளில் தடிப்பு தோன்றியது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான்கு நாளுக்குள் அவனுக்குத் தடிப்பு வந்திருந்தால், அன்றைக்கே அவன் பரப்பும் நிலையில் இருந்திருக்கிறான்.

6 மாதத்தில் போட்ட ஊசி வழக்கமான இரண்டில் சேராது. 9 மாதத்திலும் 12 மாதத்திலும் மறுபடி போட வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, கீமோ சிகிச்சையில் யாராவது இருந்தாலோ அதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்த ஊசி போடக் கூடாது, வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்.